ரத்தான பயணமும் திரும்பி வரவேண்டிய பணமும்

பயணத்துக்கு முந்தைய இரவு ஒருவர் நோய்வாய்ப்பட்டுவிட்டால், விமானச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிச் சுற்றியுள்ளவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். சீட்டில் ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று அச்சாகியிருந்தால் பணம் போனது போனதுதான். டாக்டர் சர்டிபிகேட்டை இணைத்து உருக்கமாக ஒரு கடிதம் எழுதினால் நிறுவனம் மனமிரங்கி ஏதாவது தரக்கூடும். டிராவல் ஏஜென்டுகள் இப்படித்தான் சொல்கிறார்கள். புழக்கத்தில் இருக்கும் மாதிரிக் கடிதங்களும் இந்த எண்ணத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன: நோயின் துயரம் இரண்டு பத்தி, குடும்பத்தின் நிலை ஒரு பத்தி, முடிவில் ‘கருணையுடன் பரிசீலிக்கவும்’.

இந்தக் கருத்து இரண்டு இடங்களில் தவறுகிறது. நிறுவனம் எந்தச் சூழலிலும் திருப்பித் தந்தாக வேண்டிய தொகையை அது தானமாக எண்ண வைக்கிறது. நோயைக் காரணம் காட்டிக் கேட்க வேண்டிய தொகைக்கோ, ஆதாரம் நிற்க வேண்டிய இடத்தில் உருக்கத்தை நிறுத்துகிறது. கடிதத்தைப் படிப்பவர் ரீஃபண்ட் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனையோ கோரிக்கைகளைப் பார்க்கும் ஊழியர். எந்த விதியின் கீழ், எந்தச் சீட்டுக்கு, எவ்வளவு தொகை என்பது புரிந்தால்தான் அவரால் கணினியில் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். இரக்கம் அவருக்கும் இருக்கலாம். அதைப் பதிவு செய்யக் கட்டம் எதுவும் அவர் திரையில் இல்லை.

முதல் தவறு சீட்டைப் படிக்கும் விதத்திலேயே தொடங்குகிறது. விமானச் சீட்டின் விலை ஒரே தொகை போலத் தோன்றினாலும் உள்ளே பல தொகைகள் சேர்ந்திருக்கின்றன. நிறுவனம் தனக்காக வாங்குவது அடிப்படைக் கட்டணமும், இருந்தால் எரிபொருள் கூடுதல் கட்டணமும். விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், விமானப் பாதுகாப்புக் கட்டணம் போன்றவை பிறருக்குச் சேர வேண்டியவை. நிறுவனம் அவற்றை வசூலித்துக் கொடுக்கும் கை மட்டுமே. பயணியே பயணம் செய்யாதபோது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ள அதற்கு நியாயம் கிடையாது. இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, பயணச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவது குறித்த தன் விதியில் 2016-இல் செய்த திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: சீட்டு ரத்தானாலும், பயன்படுத்தப்படாமல் போனாலும், பயணி வராமலே இருந்தாலும், சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். சலுகை விலைச் சீட்டுக்கும், அடிப்படைக் கட்டணம் திரும்பாத சீட்டுக்கும் இது பொருந்தும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பணத்தைத் திருப்பித் தரும் வேலைக்கென்று தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. ஆக, ‘நான்-ரீஃபண்டபிள்’ என்ற சொல் அடிப்படைக் கட்டணத்தைப் பற்றியது. அதை முழுச் சீட்டுக்கும் நீட்டிப் பொருள் கொள்வதால், நோயே வராதவர்கூடக் கேட்டு வாங்கக்கூடிய பணத்தை நோயாளிகள் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது தவறு இன்னும் அதிகச் செலவு வைப்பது. இரக்கக் கடிதத்தை நம்புகிறவர்கள் முதலில் ஆதாரம் சேர்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகட்டும், டாக்டர் கையெழுத்துப் போடட்டும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் விமானம் புறப்பட்டுவிடுகிறது. பெயர் ‘நோ-ஷோ’ பட்டியலில் ஏறியதும், முன்கூட்டி ரத்து செய்தவருக்குத் திரும்பியிருக்கக்கூடிய அடிப்படைக் கட்டணப் பகுதியும் கரைந்துபோகிறது. ரத்து செய்ய மருத்துவச் சான்று தேவையில்லை. செயலியிலோ தொலைபேசியிலோ சில நிமிடங்களில் முடியும் வேலை அது. புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு வரை என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் ரத்தைப் பதிவு செய்து, உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துவதுதான் கடிதத்துக்கு முந்தைய வேலை. கடிதத்தை ஒரு வாரம் கழித்தும் எழுதலாம், ரத்தைத் தள்ளிப்போட முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். திருச்சியைச் சேர்ந்த ஒரு தம்பதி சென்னையிலிருந்து டெல்லி செல்ல ஜூன் 14 காலை விமானத்தில் இரண்டு சீட்டு வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சீட்டின் விலை 6,646 ரூபாய். அதில் அடிப்படைக் கட்டணம் 5,400, அதன் மீது 5 சதவீத ஜிஎஸ்டி 270, பாதுகாப்புக் கட்டணம் 236, விமான நிலையக் கட்டணம் 440, ஜன்னலோர இருக்கைக்கு 300. நிறுவனத்தின் நிபந்தனைப்படி ரத்துக் கட்டணம் ஒருவருக்கு 3,500. நோ-ஷோ என்றால் அடிப்படைக் கட்டணம் முழுவதும் போய்விடும். ஜூன் 12 இரவு மனைவிக்குக் கடும் வயிற்றுவலி. மருத்துவமனையில் சேர்த்ததும் குடல்வால் அழற்சி என்று தெரிகிறது. 13-ஆம் தேதி காலை லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை.

கணவர் 13-ஆம் தேதியே மருத்துவமனையிலிருந்து சீட்டுகளை ரத்து செய்துவிட்டால், ஒரு சீட்டுக்கு அடிப்படைக் கட்டணத்தில் மீதி 1,900, அதற்குரிய ஜிஎஸ்டி 95, இரண்டு கட்டணங்களும் சேர்ந்து 676, ஆக 2,671 ரூபாய் திரும்பும். இரண்டு சீட்டுக்கு 5,342. இதற்கு நோயைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. ரத்து செய்யாமல் விட்டிருந்தால் ஐயமின்றிக் கேட்கக்கூடியது ஒரு சீட்டுக்கு அந்த 676 மட்டும், இரண்டுக்கும் 1,352. முன்கூட்டி ரத்து செய்தபின் மிச்சமுள்ள 7,950 ரூபாய்தான் நோயைக் காட்டிக் கேட்க வேண்டிய தொகை: ரத்துக் கட்டணம், அதன் மீது பிடித்த ஜிஎஸ்டி, இருக்கைக் கட்டணம். பிடித்த ஜிஎஸ்டியைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. நிறுவனம் வைத்துக்கொள்ளும் ரத்துத் தொகைக்கும் பயணச் சேவைக்குரிய விகிதத்திலேயே வரி உண்டு என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆகவே ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால்தான் அதன் மீதான வரியும் திரும்பும். டிஜிசிஏ விதியில் ‘வரிகள்’ என்று இருப்பதை மட்டும் காட்டி அதைக் கேட்டால் தகராறுதான் நீளும்.

இந்த 7,950 ரூபாயை நிறுவனம் தந்தே ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது. இரக்கக் கடிதத்தை மறுப்பவர்களில் சிலர் எதிர்ப்பக்கம் போய், ‘மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தால் முழுப் பணமும் உரிமை’ என்கிறார்கள். அதுவும் சரியல்ல. டிஜிசிஏ 2025 நவம்பரில் கருத்துக் கேட்புக்கு வைத்த திருத்த வரைவில் மருத்துவ அவசரத்துக்கென்று ஒரு வாசகம் இருந்தது. அதிலும் நிறுவனம் பணத்தையோ கிரெடிட் ஷெல்லையோ ‘வழங்கலாம்’ என்றுதான் இருந்தது, ‘வழங்க வேண்டும்’ என்று இல்லை. எழுதுகிறவர் அன்றைய தேதியில் நடப்பில் உள்ள விதியின் வாசகத்தையும், அந்த நிறுவனமே தன் பயண நிபந்தனைகளில் நோய்க்குத் தரும் விலக்கையும் படித்துவிட்டு, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்பதே பயன் தரும். வெளிநாட்டு நிறுவனமானால் அதன் தாய்நாட்டு விதிகளும் அதன் சொந்த நிபந்தனைகளும்தான் செல்லும்.

நிறுவனம் தன் விருப்பப்படி முடிவெடுக்கும் இந்தப் பகுதியில்தான் மருத்துவ ஆதாரத்துக்கு வேலை. வழக்கமான கருத்து இங்கேயும் வழி தவறச் செய்கிறது. நோயின் கடுமையைக் காட்டினால் போதும் என்று எண்ணி ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துக்கடை ரசீதுகள் என்று இருபது பக்கம் அனுப்புகிறார்கள். ரீஃபண்ட் பிரிவு கேட்பது ஒரே கேள்வி: அந்தத் தேதியில், அந்த விமானத்தில், அந்த நபர் பறக்கத் தகுதியோடு இருந்தாரா? இருபது பக்கத்தில் எதுவும் இதற்குப் பதில் சொல்லாமல் போகலாம். டிஸ்சார்ஜ் சம்மரிகூட என்ன நோய், என்ன சிகிச்சை என்று சொல்லும். விமானப் பயணத்தைப் பற்றிப் பேசாது. ‘ஒரு வாரம் ஓய்வு தேவை’ என்ற வரி அலுவலக விடுப்புக்குப் போதும், இதற்குப் போதாது.

பறக்கத் தகுதி என்பது பொதுவான உடல்நலத்திலிருந்து வேறானது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளது போல இருப்பதில்லை. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், அதாவது ஊட்டி அளவு. வெளி அழுத்தம் குறையும்போது உடலுக்குள் அடைபட்ட வாயு விரிகிறது. 8,000 அடியில் அது தரையில் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் வாயு செலுத்தித்தான் அறுவை செய்கிறார்கள், புதிதாகத் தைத்த குடலும் அங்கே இருக்கிறது. அறுவைக்கு மறுநாள் காலையில் அந்த நோயாளியை விமானத்தில் ஏற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். காரில் வீடு திரும்பலாம் என்று டிஸ்சார்ஜ் செய்யப்பட்டவருக்கும் இது பொருந்தும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது நோய்ச் சான்று என்பதைவிட, விமானப் பயணத் தகுதி குறித்த சான்று. அதில் அனுமதித்த தேதி, செய்த சிகிச்சை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விமானப் பயணம் கூடாது என்பது, டாக்டரின் பெயர், கையெழுத்து, மருத்துவ கவுன்சில் பதிவு எண், சான்று எழுதிய தேதி ஆகியவை இருந்தால் ஒரே பக்கத்தில் வேலை முடிந்துவிடும்.

நிறுவனங்களின் சொந்த நடைமுறையும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரோ மருத்துவமனையில் இருந்தவரோ பறக்க வந்தால், மருத்துவத் தகவல் படிவமான மெடிஃப்பை டாக்டரிடம் நிரப்பி வாங்கிவரச் சொல்வது விமான நிறுவனங்களின் வழக்கம். அந்தப் படிவம் இல்லாமல் ஏற்ற மறுத்திருக்கக்கூடிய பயணியைப் பார்த்து, ‘சீட்டு இருந்தும் நீங்கள் வரவில்லை’ என்று சொல்வது பொருந்தாது. கடிதத்தில் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னால், நோயின் வேதனையை விவரிக்கும் இரண்டு பத்திகளைவிட அது கனமாக நிற்கும்.

சான்றின் தேதியில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். பயணத் தேதிக்குப் பத்து நாள் கழித்து, அதற்கு முன் நோயாளியைப் பார்த்தே இராத ஒரு டாக்டரிடம் வாங்கிய சான்றை நிறுவனம் நம்ப வேண்டியதில்லை. டாக்டரும் அதை எழுதக் கூடாது. உண்மையல்லாத சான்று எழுதுவது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அளவுக்குக் குற்றம். அதே விதிகள் நோயாளிக்கு ஒரு வசதியும் தருகின்றன. நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வீட்டிலேயே காய்ச்சலில் கிடந்து, டாக்டரைப் பார்க்காமல் விட்டவருக்குத்தான் உண்மையான சிக்கல். பயண நாளிலோ அதற்கு முன்போ ஒரு புறநோயாளிச் சீட்டு இல்லையென்றால் இந்தப் பகுதித் தொகை கிடைப்பது அரிது. அவர் தன் கோரிக்கையை வரிகளோடும் கட்டணங்களோடும் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

தேவைக்கு மேல் அனுப்பாமல் இருப்பதும் முக்கியம். நோயாளியின் முழு மருத்துவ வரலாறு ரீஃபண்ட் பிரிவுக்குத் தேவையில்லை. சான்றும் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கமும் போதும். ஆதார் எண் தெரியும் பக்கம் இருந்தால் அதை மறைத்துவிட்டு அனுப்பலாம்.

கூடப் பயணம் செய்ய இருந்தவரின் சீட்டு பெரும்பாலும் மறந்துபோகிற ஒன்று. மேலே சொன்ன கணக்கில் கணவர் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார். அவர் பறந்திருக்கலாமே என்று நிறுவனம் கேட்டால் பதில் தேவை. ஒரே பி.என்.ஆரில் இருக்கும் நெருங்கிய உறவினரையும் சேர்த்துப் பரிசீலிக்கும் நிறுவனங்கள் உண்டு, தனித்தனி பி.என்.ஆரில் வாங்கியிருந்தால் உறவைக் காட்டும் சான்று கேட்பார்கள். டாக்டரின் சான்றிலேயே ‘நோயாளிக்கு இந்நாள்களில் துணை தேவை’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் இரண்டாம் சீட்டுக்கும் அடித்தளம் கிடைத்துவிடும்.

முன்பதிவு விவரங்களில் நேரும் தவறு எளியது, ஆனால் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். ஏஜென்ட் தரும் புக்கிங் ஐடி ஏஜென்டின் கணினிக்கு உரியது. விமான நிறுவனத்தின் திரையில் அதைத் தட்டினால் எதுவும் வராது. நிறுவனத்துக்கு எழுதும்போது ஆறு எழுத்து-எண் கொண்ட பி.என்.ஆர். வேண்டும். 13 இலக்க மின்சீட்டு எண் தரும் நிறுவனமானால் அதுவும் வேண்டும். பி.என்.ஆர். காலப்போக்கில் வேறொருவருக்கும் வரலாம், சீட்டு எண் அந்தச் சீட்டுக்கு மட்டுமே உரியது. பயணத் தேதி, விமான எண், பயணிகளின் பெயர் சீட்டில் அச்சானபடி, ரத்து செய்த தேதியும் நேரமும், பணம் கட்டிய வழி ஆகியவையும் சேர வேண்டும். அட்டையில் கட்டியிருந்தால் கடைசி நான்கு இலக்கம் போதும்.

ஏஜென்ட் வழியாக வாங்கிய சீட்டில் ஏஜென்ட் நிறுவனத்தையும், நிறுவனம் ஏஜென்டையும் கை காட்டுவது வாடிக்கை. ஏஜென்டுகள் நிறுவனம் நியமித்த பிரதிநிதிகள் என்பதால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று டிஜிசிஏ விதி வைத்திருக்கிறது. கடிதம் நிறுவனத்துக்கும், நகல் ஏஜென்டுக்கும் என்று ஒரே நாளில் போனால் இந்தக் கை காட்டலுக்கு இடமிருக்காது.

இத்தனையும் சேர்ந்தால் கடிதம் மிகச் சிறியதாகவே அமையும். திருச்சித் தம்பதிக்காக எழுதினால் அதன் உடல் இப்படி இருக்கும்:

“மேற்கண்ட பி.என்.ஆரில் ஜூன் 14 அன்று சென்னையிலிருந்து டெல்லி செல்ல இருந்த எங்கள் இருவரின் சீட்டுகளும் ஜூன் 13 காலை ரத்து செய்யப்பட்டன. உறுதி மின்னஞ்சல் இணைப்பு 1. தங்கள் கட்டண நிபந்தனையின்படியும் டிஜிசிஏ விதியின்படியும் திரும்ப வேண்டிய தொகை ரூ. 5,342, பிரிவுவாரிக் கணக்கு இணைப்பு 2. இதை முதலில் கட்டிய அட்டைக்கே அனுப்பக் கோருகிறோம். கிரெடிட் ஷெல்லுக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை.

பயணிகளில் ஒருவருக்கு ஜூன் 13 அன்று அவசர அறுவை சிகிச்சை நடந்தது. ஜூன் 21 வரை விமானப் பயணம் கூடாது என்றும் துணை ஒருவர் தேவை என்றும் சிகிச்சை அளித்த மருத்துவர் சான்றளித்துள்ளார், இணைப்பு 3. இந்நிலையில் அவர் விமான நிலையம் வந்திருந்தாலும் மெடிஃப் இன்றித் தாங்கள் ஏற்றியிருக்க இயலாது. எனவே பிடித்தம் செய்த ரூ. 7,950-ஐயும் தள்ளுபடி செய்யக் கோருகிறோம். மறுப்பதானால், பிடித்த தொகையையும் அதற்கான நிபந்தனைப் பிரிவையும் எழுத்தில் தெரிவிக்கவும்.”

இரண்டு தொகைகளும் தனித்தனியே நிற்பதுதான் இக்கடிதத்தின் பலம். ஒரே மொத்தமாக 13,292 ரூபாய் என்று கேட்டிருந்தால், ‘மருத்துவக் காரணத்துக்குத் தள்ளுபடி இல்லை’ என்ற ஒரே பதிலில் 5,342-ம் சேர்ந்து அடிபட்டுப்போகும். கிரெடிட் ஷெல் பற்றிய வாக்கியமும் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பணத்தைக் கணக்கில் வரவாக வைத்திருப்பதா, கையில் வாங்குவதா என்பது பயணியின் தெரிவு, நிறுவனம் அதைத் தானாகவே செய்யக் கூடாது என்பது விதி. கால எல்லையுள்ள கிரெடிட் ஷெல், குணமாகப் பல மாதம் பிடிக்கும் நோயாளிக்குக் காலாவதியாகிவிடும் பணம்.

கடைசி வரியில் கேட்கும் எழுத்து மறுப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பயணக் காப்பீடு இருந்தால், பயணம் ரத்தானதற்கு ஈடு தரும் முன் விமான நிறுவனம் எவ்வளவு திருப்பித் தந்தது, எவ்வளவு பிடித்தது என்பதற்கான கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். மறுப்பு வாய்மொழியாக இருந்தால் காப்பீட்டுப் பணமும் நின்றுவிடும். காப்பீட்டின் வாசகத்தில் ஏற்கெனவே இருந்த நோய்க்கு விலக்கு இருக்கிறதா என்று பார்ப்பதும் தேவை. திடீர்க் குடல்வால் அழற்சிக்கு அந்தத் தடை பொதுவாக வராது, பழைய இதயநோய் முற்றினால் வரும்.

சுற்றுலா நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் வேறு கணக்கில் நடக்கிறது. அங்கே டிஜிசிஏ விதி கிடையாது, ஒப்பந்தம்தான் உண்டு. ‘ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் 100 சதவீதப் பிடித்தம்’ என்று அதில் எழுதியிருந்தால் அத்தோடு முடிந்தது என்பதே பரவலான எண்ணம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்ச வரம்பாகத்தான் பார்க்கிறது; அதற்குள் நியாயமான ஈடு எதுவோ அதுதான் உரியது. இழப்பே நேராத இடத்தில் ஈடு கேட்க முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே சுற்றுலா நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒரு பட்டியல்: எந்த விடுதிக்கு, எந்த வாகனத்துக்கு, எவ்வளவு முன்பணம் கட்டப்பட்டது, அதில் எவ்வளவு திரும்ப வராது, அதற்கான ரசீது எங்கே. விடுதி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட நிறுவனம், அதே அறைக்கு நோயாளியிடமிருந்தும் பணம் பிடிக்க நியாயமில்லை. நிறுவனம் உண்மையிலேயே கட்டி இழந்த தொகையை நோயாளி ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்; நோய் வந்தது அந்த நிறுவனத்தின் தவறால் அல்ல.

இரு தரப்பிலும் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதியலாம். அதற்கும் பலனில்லையெனில், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தான் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் தரலாம். நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருக்கிறதே என்று அங்கே போக வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. இங்கே ஒரு நுணுக்கம். சேவைக் குறைபாடு என்று புகார் செய்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் நிபந்தனையை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அறிவிக்கக் கோரினால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். தம்பதியின் சீட்டு போன்ற சிறு தொகைக்கு முதல் வழியே ஏற்றது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் பதிவாக வேண்டும். நிறுவனம் எழுத்தில் மறுத்த கடிதத்தின் தேதி இருந்தால் அந்த நாளைக் காட்டுவது எளிது.